ஆவணத்தின் மீதான வரி: சென்னை மாகாணத்திலும் தமிழ்நாட்டிலும் சொத்து மாற்ற முத்திரைத் தீர்வையின் வரலாறு

முன்னுரை

நிலம், வீடு முதலிய அசையாச் சொத்துகள் கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வை, அச்சொத்தினால் ஒருவர் ஈட்டிய ஆதாயத்தின் மீது விதிக்கப்படுவதன்று. விற்றவர் இலாபம் கண்டாரா நட்டப்பட்டாரா, வாங்கியவர் தம் சேமிப்பைக் கொண்டு வாங்கினாரா கடன்பட்டு வாங்கினாரா என்னும் வினாக்களை அது கேட்பதில்லை. ஒரு கைமாற்றம் நிகழ்ந்தது, அதற்கு ஓர் ஆவணம் எழுதப்பட்டது என்பதே அதற்குப் போதுமானது. வருமான வரி ஓர் ஆளையும் அவர் ஓராண்டில் ஈட்டியதையும் நோக்குகிறது. முத்திரைத் தீர்வை ஒரு தாளையும் அதில் எழுதப்பட்ட தொகையையும் நோக்குகிறது. இவ்விரண்டும் முற்றிலும் வேறு வேறான வரிகள் என்றே நிதியியல் நூல்கள் வகைப்படுத்துகின்றன.

அவ்வகைப்பாடு தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 1967க்குப் பின் படிப்படியாகக் குலைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தாளில் எழுதிய தொகையை நம்ப இயலாத அரசு, தானே மதிப்பிட்ட தொகையின் மீது தீர்வை விதிக்கத் தொடங்கியது. பின்னர் அம்மதிப்பீடே வருமான வரிக்கும் அடிப்படையாக எடுத்தாளப்பட்டது. பரிமாற்றத்தின் மீதான வரிக்கெனக் கணிக்கப்பட்ட ஒரு தொகை, ஒருவர் பெறாத வருமானத்தைப் பெற்றதாகக் காட்டும் நிலை இவ்வாறு உருவாயிற்று. அதன் விளைவு வரி செலுத்துவோரோடு நிற்கவில்லை. கிரய ஆவணங்களைச் சான்றாகக் கொண்டு நில விலையை ஆராயும் வரலாற்றாய்வாளரையும் அது தொடுகிறது.

தாளைத் தேடிவந்த வரி

முத்திரையிட்ட தாளில் எழுதப்பட்டாலன்றி ஆவணம் செல்லாது எனும் ஏற்பாடு 1624இல் ஒல்லாந்தில் தோன்றியது. இங்கிலாந்து 1694இல், பிரான்சுடன் நடத்திய போரின் செலவுக்காக, நான்காண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லி அதனைக் கைக்கொண்டது. தற்காலிகமாக வந்த அவ்வரி பின்னர் நீங்கவேயில்லை. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி, வங்காளத்தில் காவல் வரியை நீக்கியதால் ஏற்பட்ட குறையை ஈடுசெய்ய 1797ஆம் ஆண்டின் 6ஆம் ஒழுங்குவிதியால் முத்திரைத் தீர்வையைப் புகுத்தியது. சென்னை மாகாணத்தில் இதனை முறைப்படுத்தியது 1816ஆம் ஆண்டின் 13ஆம் ஒழுங்குவிதி. வழக்குத் தாள்களுக்கான முத்திரையும் கிரயம், அடமானம் முதலிய ஆவணங்களுக்கான முத்திரையும் தொடக்கத்தில் ஒரே தொகுதியாகவே கருதப்பட்டன. நீதிமன்றக் கட்டணம் தனியே பிரிந்து நின்றது 1870ஆம் ஆண்டின் சட்டத்தால்தான்.

1860ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனியே நின்று நோக்கத்தக்கது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்திய அரசின் கருவூலத்தைப் பெருங்கடனில் ஆழ்த்தியிருந்தது. அதனைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட நிதி உறுப்பினர் ஜேம்சு வில்சன், வருமான வரியை இந்நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். ஆண்டு வருமானம் ரூ.200க்கு மேல் ரூ.500 வரை 2 விழுக்காடு, அதற்கு மேல் 4 விழுக்காடு என்பது அதன் வீதம். அதே ஆண்டில் முத்திரைத் தீர்வையும் நாடு முழுமைக்குமான ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வருமான வரிச் சட்டம் 1860ஆம் ஆண்டின் 32ஆம் சட்டம். முத்திரைச் சட்டம் அவ்வாண்டின் 36ஆம் சட்டம். ஒரே நெருக்கடி ஈன்ற இவ்விரு வரிகளின் பிற்காலமோ வேறு வேறாயிற்று.

வில்சனின் நிதித் திட்டத்தை வன்மையாக எதிர்த்தவர் சென்னை ஆளுநர் சர் சார்லசு டிரெவெலியன். தம் மறுப்புக் குறிப்பை அவர் செய்தித்தாள்களில் வெளியிட்டுவிட்டார். அதன் பொருட்டு 1860இலேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அவ்வாண்டு ஆகத்து மாதம் கல்கத்தாவில் இறந்தார். டிரெவெலியன் 1863இல் இந்தியாவின் நிதி உறுப்பினராகவே மீண்டு வந்தார். ஐந்தாண்டுக் காலத்துக்கென விதிக்கப்பட்டிருந்த வருமான வரி, அவர் பொறுப்பிலிருந்த 1865இல் புதுப்பிக்கப்படாமல் முடிவுற்றது. அதன்பின் வந்தும் போயும் இருந்த அவ்வரி 1886இல்தான் நிலைபெற்றது. முத்திரைத் தீர்வையோ 1862, 1869, 1879, 1899 எனச் சட்டம் மாறிமாறித் திருத்தமுற்றதேயன்றி ஓராண்டும் நிறுத்தப்படவில்லை.

இவ்வேறுபாட்டுக்கு மக்களின் வெறுப்பு மட்டும் காரணமன்று. வருமான வரியை வாங்க, அரசு ஒவ்வொரு வணிகர் வீட்டுக் கணக்கையும் கேட்க வேண்டியிருந்தது. சொல்லும் கணக்கை நம்புவதா மறுப்பதா என்று ஒரு சிற்றலுவலர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முத்திரைத் தீர்வைக்கு அத்தொல்லை இல்லை. தீர்வை செலுத்தாத ஆவணத்தை எந்த நீதிமன்றமும் சான்றாக ஏற்காது என்னும் ஒரே விதி, 1899ஆம் ஆண்டுச் சட்டத்தில் 35ஆம் பிரிவு, தண்டல்காரரின் வேலையைச் செய்துவிடுகிறது. நாளை ஒரு வழக்கு வந்தால் நிலம் தம்முடையது என்று நிறுவ வேண்டுமே என்னும் அச்சத்தால், வாங்குபவர் தாமே முத்திரைத்தாளைத் தேடி வருகிறார். வரி செலுத்துபவரே வரியைக் கொண்டுவந்து தரும் இவ்வமைப்பை எந்த அரசும் எளிதில் கைவிடாது.

இதற்குத் துணையாகப் பதிவுமுறை வந்தது. 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவும் இதில் இன்றியமையாதவை. ரூ.100 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே விற்கலாம் என்று பின்னது விதித்தது. வாய்மொழியாக நிலத்தை விற்று உடைமையை ஒப்படைக்கும் வழக்கம் சட்டத்தின் பார்வையில் அத்துடன் மதிப்பிழந்தது. ஆவணத்தைத் தவிர்த்து வரியிலிருந்து தப்பும் வழி இவ்வாறு குறுகியபின், எஞ்சியது ஆவணத்தில் எழுதும் தொகையைக் குறைக்கும் வழியே.

எழுதிய தொகையும் கொடுத்த தொகையும்

இந்திய முத்திரைச் சட்டம், 1899, தீர்வையை ஆவணத்தின் மீதே விதிக்கிறது என்பதில் நீதிமன்றங்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. இதன் நடைமுறைப் பொருள் சற்று விந்தையானது. இருவர் ஒரு நிலத்துக்கு விலை பேசி முடித்துவிட்டாலும், எழுத்தில் வராதவரை தீர்வை எழுவதில்லை. கிரய ஆவணம் எழுதிக் கையொப்பமிட்ட பின்னர் அவ்வுடன்பாடு பயனற்றுப் போனாலும், எழுதிய ஆவணத்துக்குரிய தீர்வை தீர்வையே. கெட்டுப்போன முத்திரைக்குத் தொகை திரும்பப் பெறுவதற்குச் சட்டம் குறுகிய கால எல்லையும் வரையறுத்த காரணங்களும் வைத்துள்ளது. ஒரே நிலம் பத்தாண்டில் மூன்று முறை விற்கப்பட்டால் மூன்று முறை முழுத் தீர்வை. நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தில் வாரிசுரிமையாக இறங்கிவரும் நிலத்துக்கு, அதன் மதிப்பு எத்துணை மடங்கு பெருகினாலும், கிரயத் தீர்வை என ஒன்று எழுவதேயில்லை. உயிலுக்கும் முத்திரைத் தீர்வை இல்லை.

எனவே, நிலத்தை வைத்திருப்போரை விட்டு, விற்கும் நிலையிலுள்ளோரையும் வாங்கும் நிலையிலுள்ளோரையும் மட்டுமே இவ்வரி பிடிக்கிறது. அவ்விருவருள் சுமை யாருடையது என்பது பழைய வினா. சட்டத்தின் 29ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லையேல் கிரயத் தீர்வை வாங்குபவரைச் சாரும் என்கிறது. ஆதாம் சுமித் 1776இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு மாறாகக் கருதினார். நிலத்தை விற்பவர் பெரும்பாலும் விற்றே தீரவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்; வாங்குபவருக்கு அக்கட்டாயம் இல்லை; ஆகவே தீர்வையளவுக்கு விலையைக் குறைத்தே வாங்குபவர் கேட்பார் என்பது அவர் வாதம். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அரை ஏக்கரை விற்கும் வேளாண் குடியை நினைத்தால் இவ்வாதம் பொருந்துகிறது. வீட்டுமனைக்குப் பலர் போட்டியிடும் நகர்ப்புறத்தில் அது அவ்வளவு முழுமையாகப் பொருந்தாது.

தொகையைக் குறைத்தெழுதுவதற்கு எதிராக 1899ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த காப்பு மெலிந்தது. தீர்வையைப் பாதிக்கும் செய்திகள் யாவும் ஆவணத்தில் முழுமையாகவும் உண்மையாகவும் கூறப்பட வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொன்னது; ஏமாற்றும் நோக்கத்துடன் மறைத்தவருக்கு 64ஆம் பிரிவு தண்டம் விதித்தது. ஆனால் நோக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. இரு தரப்பும் ஒரே தொகையைச் சொல்லும்போது மூன்றாமவரான சார்பதிவாளர் எதைக்கொண்டு மறுப்பார்? தாளில் எழுதிய தொகைக்குத் தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டிருந்தால், அவர் பதிவு செய்தே ஆகவேண்டும். பம்பாயிலிருந்து வந்த இமாலயா அவுசு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் இதனையே உறுதி செய்தது: சட்டம் வேறுவிதமாகத் திருத்தப்படாதவரை, கிரயத்துக்கான தீர்வை ஆவணத்தில் குறிக்கப்பட்ட தொகையின் மீதேயன்றிச் சொத்தின் சந்தை மதிப்பின் மீது அன்று.

அத்தீர்ப்புக்கு ஐந்தாண்டு முன்னரே சென்னை மாநிலம் சட்டத்தைத் திருத்திவிட்டிருந்தது. 1967ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. கிரயத்துக்குரிய தீர்வை, குறிக்கப்பட்ட தொகைக்கு என்றிருந்தது சொத்தின் சந்தை மதிப்புக்கு என்றாயிற்று. 47அ என்னும் புதிய பிரிவு, ஆவணத்தில் சந்தை மதிப்பு உண்மையாகக் குறிக்கப்படவில்லை என நம்பக் காரணமிருந்தால், சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்தபின் மதிப்பை முடிவு செய்ய ஆட்சியருக்கு அனுப்பலாம் என்றது. நடைமுறை விதிகள் 1968இல் வகுக்கப்பட்டன. இன்று அப்பணியைச் செய்பவர் முத்திரைக்கான தனித்துணை ஆட்சியர். அவர் அறிவிப்பு அனுப்பி, இடத்தைப் பார்வையிட்டு, தரப்பினரைக் கேட்டு மதிப்பை முடிவு செய்யும்வரை ஆவணம் வாங்கியவர் கைக்கு வராமல் நிலுவையில் கிடக்கும். அந்நிலுவையே பலரை, மதிப்பு மிகையெனத் தோன்றினாலும், கேட்ட தீர்வையைச் செலுத்திவிட்டு ஆவணத்தைப் பெற்றுக்கொள்ளத் தூண்டியது. பின்னர்ப் பிற மாநிலங்களும் இப்பிரிவைத் தத்தம் திருத்தங்களில் ஏற்றன.

இத்திருத்தம் முத்திரைத் தீர்வையின் இயல்பையே மாற்றியது. அதுவரை தீர்வைக்கு அடிப்படை, நிகழ்ந்த ஒரு செயல்: இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தார். 1967க்குப் பின் அடிப்படை, ஒரு கணிப்பு: இச்சொத்து விற்கப்பட்டால் இவ்வளவு பெறும். வரி எழுவது இன்னும் பரிமாற்றத்தினால்தான். ஆனால் வரியின் அளவு பரிமாற்றத்திலிருந்து விடுபட்டுவிட்டது.

கணிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கெனப் பதிவுத்துறை, தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் தொகுத்த பதிவேடே வழிகாட்டி மதிப்பு. சார்பதிவாளர் ஐயுறுவதற்கு உதவும் ஒரு குறிப்பேடு என்பதே அதன் தொடக்க நிலை. நீலகிரி ஆட்சியருக்கும் மகாவீர் தோட்ட நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. 1982இல் அறிக்கையிடப்பட்ட அத்தீர்ப்பின்படி வழிகாட்டி மதிப்பு முதற்கட்ட உதவியேயன்றி, அதனையே சந்தை மதிப்பாகக் கொண்டுவிட முடியாது. சட்டத்தின் சொல்லும் அதுவே. பதிவலுவலகங்களின் நடைமுறையோ வேறாயிற்று. வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் எழுதினால் ஆவணம் அன்றே கைக்கு வரும், குறைத்தெழுதினால் நிலுவை. ஆவண எழுத்தர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தனர். குறிப்பேடு இவ்வாறு விலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தாளைப் பிளந்து தீர்வையைக் குறைக்கும் வழியும் ஒருபுறம் வளர்ந்தது. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இதற்குத் தக்க சான்று. வாங்குபவருக்கு நிலத்தில் பிரிபடாத பாகம் மட்டும் கிரயம் செய்து தரப்படும். வீட்டைக் கட்டித்தர ஒரு கட்டுமான ஒப்பந்தம் தனியே எழுதப்படும். ஒரு குடும்பம் ஒரு வீட்டை வாங்குகிறது. தாளிலோ ஒரு நிலத்துண்டு வாங்கப்படுகிறது, ஒரு வேலை ஒப்படைக்கப்படுகிறது. முழுக் கிரயத் தீர்வை நிலத்தின் பாகத்துக்கு மட்டுமே. ஒப்பந்தத்துக்கு மிகக் குறைந்த வீதம். தீர்வை ஆவணத்தின் மீதானது என்னும் கோட்பாட்டைக் குடிமக்கள் நீதிமன்றங்களைவிட நன்கு புரிந்துகொண்டனர் என்றே இதனைக் கொள்ள வேண்டும். நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை 2023 திசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வருமான வரிக்குள் நுழைந்த மதிப்பீடு

குறைத்தெழுதப்பட்ட தொகையால் இழப்படைந்தது மாநில அரசு மட்டுமன்று. வாங்குபவர் தீர்வையை மிச்சப்படுத்த, விற்பவர் மூலதன ஆதாய வரியை மிச்சப்படுத்தினார். இருவர் நலனும் ஒன்றாய் இருந்தமையால் உண்மையைச் சொல்ல எவருக்கும் தேவையில்லாமல் போயிற்று. ஒன்றிய அரசு இதனை எதிர்கொண்ட வழிகள் பல. வருமான வரிச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1964இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவு, குறிக்கப்பட்ட விலைக்குப் பதில் நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ள அலுவலருக்கு அதிகாரம் தந்தது. குறைத்தெழுதப்பட்ட சொத்தை அரசே கையகப்படுத்தும் ஏற்பாடு 1972இல் வந்தது. பெருநகரங்களில் குறிக்கப்பட்ட விலைக்கே அரசு வாங்கிக்கொள்ளும் முன்கொள்முதல் உரிமை 1986இல் வந்து 2002இல் நீங்கியது.

இவற்றுள் 52ஆம் பிரிவின் முடிவு கருதத்தக்கது. கே.பி. வர்கீசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல், தாளில் எழுதியதைவிட மிகுந்த தொகையை விற்றவர் உண்மையில் பெற்றார் என்று துறை நிறுவினாலன்றி அப்பிரிவு செல்லாது என்றது. பெறாத தொகைக்கு வருமான வரி இல்லை என்பதே அதன் சாரம். வருமான வரி என்னும் சொல்லுக்கு நேர்மையான விளக்கமும் அதுவே. ஆயினும் வாங்குபவரும் விற்பவரும் மட்டும் அறிந்த ஒன்றைத் துறை எவ்வாறு நிறுவும்? அந்த இடர்ப்பாட்டைக் கடக்க நாடாளுமன்றம் முத்திரைத் துறையின் பதிவேட்டை நாடியது.

2002ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 50இ பிரிவு, 2003 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரைத் தீர்வைக்காக ஏற்கப்பட்ட மதிப்பு, விற்ற விலையைவிட மிகுந்திருந்தால், அம்மதிப்பையே விற்றவர் பெற்ற தொகையாகக் கொண்டு மூலதன ஆதாயம் கணிக்கப்படும். சென்னை உயர் நீதிமன்றம் கே.ஆர். பழனிசாமி வழக்கில் 2008இல் இப்பிரிவு செல்லும் என்றது. முத்திரை மதிப்பை ஏற்காத விற்பனையாளர், மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பக் கோரலாம் என்னும் வழி உள்ளமையை நீதிமன்றம் கருத்திற்கொண்டது. 2013இல் வாங்குபவர் பக்கமும் அடைபட்டது: முத்திரை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு வாங்கியவரின் வருமானமாகக் கொள்ளப்படும் என்றாயிற்று. சிறு வேறுபாடுகளைப் பொறுக்கும் வரம்பு முதலில் 5 விழுக்காடாகவும் பின்னர் 10 விழுக்காடாகவும் அமைந்தது.

ஒரு மனை, மூன்று நாள்கள்

தமிழ்நாட்டில் 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பெரிதும் உயர்த்தப்பட்டது. உடன் தீர்வை 5 விழுக்காடு, உள்ளாட்சிக்குச் சேரும் சொத்து மாற்ற மிகைவரி 2, பதிவுக் கட்டணம் 1 என மொத்தம் 8 விழுக்காடாயிற்று. 2017 சூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடாக்கப்பட்டது, மொத்தம் 11. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய மதிப்பு மீட்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாயிற்று, மொத்தம் 9. இம்மாற்றங்கள் என்ன செய்தன என்பதை ஒரு கற்பனை மனையைக் கொண்டு கணக்கிடலாம்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. அதன் உரிமையாளர் 2010இல் ரூ.80 இலட்சத்துக்கு வாங்கினார், நெருக்கடியால் ரூ.75 இலட்சத்துக்கு விற்கிறார். 2012ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு ரூ.3,750, ஆக மொத்தம் ரூ.90 இலட்சம் எனக் கொள்வோம். பணவீக்கத்துக்கான சரிசெய்தலை எளிமை கருதி விட்டுவிட்டால் அவருக்கு உண்மையில் ரூ.5 இலட்சம் நட்டம்.

விற்பனை 2016இல் நிகழ்ந்தால், பதிவுச் செலவு ரூ.90 இலட்சத்தில் 8 விழுக்காடு, ரூ.7.2 இலட்சம். வருமான வரிக் கணக்கிலோ அவர் ரூ.90 இலட்சம் பெற்றவராகிறார், ரூ.5 இலட்சம் நட்டம் ரூ.10 இலட்சம் ஆதாயமாக மாறுகிறது. வாங்கியவர் ரூ.15 இலட்சம் வருமானம் ஈட்டியவராகிறார். அப்போது பொறுப்பு வரம்பும் இல்லை. இருவருமே உண்மையை எழுதியவர்கள். எனினும் இருவரும் பெறாத தொகைக்கு வரி செலுத்த வேண்டியவர்கள்.

விற்பனை 2017 சூலையில் நிகழ்ந்தால் வழிகாட்டி மதிப்பு ரூ.60.3 இலட்சம். உண்மை விலையை எழுதினால் பதிவுச் செலவு ரூ.8.25 இலட்சம். வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதினால் ரூ.6.63 இலட்சம், ஏறத்தாழ ரூ.1.62 இலட்சம் மிச்சம், ரூ.14.7 இலட்சம் கணக்கில் வராப் பணம். உண்மையை எழுதுபவருக்குப் பொய்யான வருமானச் சுமை நீங்கிவிட்டது. பொய்யை எழுதுபவருக்கும் வாயில் திறந்துவிட்டது.

2023 ஏப்ரலுக்குப் பின் நிகழ்ந்தால் பதிவுச் செலவு ரூ.8.1 இலட்சம். முத்திரை மதிப்பு விலையைவிட 20 விழுக்காடு மிகை என்பதால் 10 விழுக்காட்டு வரம்பு காக்காது. கற்பனை ஆதாயம் ரூ.10 இலட்சமும், வாங்கியவரின் கற்பனை வருமானம் ரூ.15 இலட்சமும் மீண்டும் தோன்றுகின்றன. மதிப்பீட்டு அலுவலரிடம் முறையிட்டு மாற்றலாம். முறையிடும் செலவும் காலமும் நெருக்கடியில் விற்றவருக்கு உண்டா என்பது வேறு.

2017ஆம் ஆண்டு மாற்றத்தைப் பலரும் பதிவுச் செலவின் ஏற்ற இறக்கமாக மட்டுமே கண்டனர். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்த 2016ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையும், பணமதிப்பிழப்பும் மனை வணிகத்தை முடக்கியிருந்த காலம் அது. விலை இறங்கியும் பதிவேடு இறங்காததால் மக்கள் உணர்ந்த நெருக்கடி தீர்வையினால் மட்டும் வந்ததன்று. பெரும்பகுதி 50இ பிரிவினால் வந்தது. வீதத்தைக் குறைத்திருந்தால் மாநிலத் தீர்வை மட்டும் குறைந்திருக்கும். மதிப்பைக் குறைத்ததால் ஒன்றியத்தின் வருமான வரி அடிப்படையும் மூன்றில் ஒரு பங்கு தளர்ந்தது. குறைந்த வருவாயைப் பதிவுக் கட்டணத்தின் வழி மாநிலம் ஈடுசெய்துகொண்டது. செய்யும் பணிக்கான ஈடு என்னும் பொருளில் வழங்கும் கட்டணம் என்ற சொல், சொத்தின் மதிப்பில் 4 விழுக்காட்டைத் தாங்காது என்பது தனியே சொல்லத்தக்கது.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, வேளாண்மை நீங்கிய வருமானத்தின் மீதான வரியை ஒன்றியத்துக்கும், கிரய ஆவணங்களின் தீர்வை வீதத்தை மாநிலத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. ஒரு மாநிலத்தின் பதிவுத்துறைச் சுற்றறிக்கை ஒன்றிய வரியின் அடிப்படையை ஓரிரவில் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும் என்பது அப்பிரிவினையில் எண்ணப்பட்டதன்று. 2023ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நீக்கியபோது, மதிப்பீட்டுக் குழு வழியே வரைவு வெளியிட்டு மறுப்புகளைக் கேட்டு மதிப்பை வகுக்க வேண்டும் என்னும் 2010ஆம் ஆண்டு விதிகள் பின்பற்றப்படாமையே காரணமாயிற்று. பதிவேடு வெறும் குறிப்பேடாக இருந்திருந்தால் அம்முறைகேடு இத்துணைப் பெரிதாகியிராது.

ஆவணத்தைச் சான்றாகக் கொள்வோர்க்கு

நில விலை வரலாற்றை எழுதுவோர் பெரிதும் நம்புவது பதிவலுவலகக் கிரய ஆவணங்களையே. மேற்கூறிய வரலாறு அச்சான்றை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. 1967க்கு முற்பட்ட ஆவணத் தொகை, தரப்பினர் சொல்ல விரும்பிய தொகை. அதன் பிழை கீழ்நோக்கியதாயினும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதற்குப் பிற்பட்ட தொகை சார்பதிவாளரின் ஐயத்துக்குத் தப்பும் தொகை. 2003க்குப் பிற்பட்டது இரு துறைகளுக்கும் தப்பும் தொகை. அதன் பிழை பதிவேட்டின் வடிவையே கொண்டிருக்கும்.

மூன்றாம் அடுக்கைக் கண்டறிவது கடினமன்று. ஒரு தெருவின் பல ஆவணங்களில் சதுர அடி விலை ஒன்றாகவே இருத்தல், பரப்பை வழிகாட்டி மதிப்பால் பெருக்கிய தொகையே ரூபாய் பிசகாமல் கிரயத்தொகையாக நிற்றல், விலை மாற்றம் பதிவேடு திருத்தப்பட்ட நாளில் மட்டும் தாவுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். 2012 ஏப்ரலையும் 2017 சூனையும் ஒட்டித் தாவும் விலைக்கோடு சந்தையின் கோடன்று.

முதல் அடுக்கிலும் ஓரளவு நம்பத்தக்க ஆவணங்கள் உண்டு. கடன் தீர்க்க நிலத்தை விற்கும் கிரயங்களில், எவருக்கு எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்று தொகை பிரித்து எழுதப்பட்டிருக்கும். முத்திரைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் அக்கடனைக் கிரயத்தொகையாகவே கொள்கிறது. தம் கடன் முழுதும் தீர்ந்ததாகக் காட்ட விற்பவரும், கொடுத்ததற்குச் சான்று வைக்க வாங்குபவரும் விரும்பியதால், அங்கே குறைத்தெழுத இடம் குறைவு. ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக ஒரே வரியில் முடியும் கிரயத்தைவிட இவற்றை முன்வைப்பது தகும். பிற்காலத்துக்கு அத்தகைய துணை வங்கி அடமானமே: அதே மனைக்கு அதே ஆண்டில் வழங்கப்பட்ட கடன், கிரய ஆவணம் சொல்லும் முழு விலையைத் தாண்டியிருந்தால், இரண்டில் எது கூடுதல் உண்மை என்பதை வில்லங்கச் சான்றின் அடுத்தடுத்த இரு பதிவுகளே காட்டிவிடும்.